கேட்வே காசும் ஓர்டர் மொத்தமும் ஏன் ஒத்துவருவதில்லை?

"ஒன்லைன் கடை நடத்துகிறோம். பேமென்ட் கேட்வே வங்கிக்கு அனுப்பும் காசு ஓர்டர் மொத்தத்தோடு ஒருநாளும் சரிவருவதில்லை. எப்படிச் சரிபார்ப்பது?"

அன்றன்றைய ஓர்டர் மொத்தத்தை வங்கியில் விழுந்த தொகையோடு வைத்துப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வெள்ளவத்தையில் நான் கணக்கு எழுதும் சேலைக்கடையிலும் அப்படித்தான் பார்த்தார்கள். சித்திரைப் புத்தாண்டு வியாபாரம் முடிந்ததும், "காசு எங்கேயோ ஒழுகுது" என்று பார்சல் கட்டும் பிள்ளையின் மேல் முதலாளிக்குச் சந்தேகம். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

வங்கிக்கு வந்தது 46,000 ரூபா. செட்டில்மென்ட் ரிப்போர்ட்டைத் திறந்தால் அதற்குள் நாலு ஓர்டர்: 12,500, 8,000, 20,000, 9,500. மொத்தம் 50,000. அதில் 3% கொமிஷன் 1,500 போய்விட்டது. சரி, மற்ற 2,500? மார்ச்சில் வாங்கிய சேலையை ஒருவர் திருப்பித் தந்திருந்தார். அவருக்குக் கொடுத்த ரீஃபண்டை கேட்வே அடுத்து அனுப்பிய காசில் கழித்திருந்தது. ஏப்ரல் ஓர்டர்களுக்குள் தேடினால் அது எப்படி அகப்படும்? அந்த நாலும் ஒரே நாள் ஓர்டர்களும் இல்லை. கேட்வே வேலைநாள் கணக்கில்தான் அனுப்பும். நடுவில் ஞாயிறு, போயா, புத்தாண்டு லீவு.

ஆகவே புத்தகத்தில் கேட்வேக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறவுங்கள். கார்டில் காசு வெட்டுப்பட்ட அன்றே ஓர்டரின் முழுத்தொகையை அதில் வையுங்கள். ரீஃபண்ட் கொடுத்தால் அன்றே கழியுங்கள். செட்டில்மென்ட் வரும்போது வங்கிக்கு 46,000, கொமிஷன் செலவுக்கு 1,500 என்று அதிலிருந்து எடுங்கள். மாதக் கடைசியில் அங்கே நிற்கும் மீதி, இன்னும் செட்டில் ஆகாத ஓர்டர், ரீஃபண்ட் பட்டியலோடு சதம் பிசகாமல் ஒத்துவர வேண்டும். பட்டியலில் ஒரு கிழமைக்கு மேல் பழசாக எது கிடக்கிறதோ அதுதான் வில்லங்கம். பெரும்பாலும் அது காசு வெட்டுப்படாமலே 'paid' என்று பதிவான ஓர்டராக இருக்கும். இல்லையென்றால் கார்ட்காரர் வங்கியில் முறைப்பாடு செய்ததால் பிடித்துவைக்கப்பட்ட தொகை. பட்டயக் கணக்காளர்கள் சண்டைக்கு வரவேண்டாம், கொமிஷன் மேல் விழும் வரியை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

பொருத்தும்போது தொகையை வைத்துப் பொருத்தாதீர்கள், ஒரே விலையில் பத்துச் சேலை விற்கும். ஓர்டர் இலக்கத்தை வைத்துப் பொருத்துங்கள். CSV கோப்பை நேரே எக்செலில் திறந்தால் 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்களின் வால் பூச்சியமாகிவிடும், கட்டத்தில் 4.51E+15 மாதிரித் தெரிந்தால் அதுதான். இறக்குமதி செய்யும்போதே அந்த நிரலை Text என்று கொடுத்துவிடுங்கள்.

கொமிஷன் என்றதும் இன்னொன்று. கார்டை நீட்டினாலே "மூன்று வீதம் கூட வரும்" என்கிற கடைக்காரர்களே, அது உங்கள் வியாபாரச் செலவு. கரண்ட் பில்லையும் எங்கள் தலையிலா கட்டுவீர்கள்?