கேட்காத சிக்கன் 65-க்கு யார் பணம் கொடுப்பது?

காட்பாடியில் ஓர் ஓட்டலில் இரண்டு பிரியாணி சொன்னோம். சர்வர் ஒரு தட்டு சிக்கன் 65-ஐயும் வைத்துவிட்டுப் போனார். பிரியாணியோடு வருவது என்று நினைத்துச் சாப்பிட்டோம். பில்லில் தனியாக 160 ரூபாய். என் தவறா?
– வாசகி, காட்பாடி

இல்லை அம்மா, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் பிரியாணி கேட்டால் கத்தரிக்காயும் தயிர் வெங்காயமும் சொல்லாமலே வந்து சேரும். அந்த நல்ல பழக்கத்தின் மறைவில் விலையுள்ள ஒரு தட்டைத் தள்ளிவிடுவது திருட்டுக்குப் பக்கத்து வீடு. அடுத்த முறை கை வைக்கும் முன், “இது பிரியாணியோடு வருவதா, தனி விலையா?” என்று கேளுங்கள். தனி விலை என்றால் தட்டைத் திருப்பிக் கொடுங்கள். இந்த முறைக்கு, பில்லோடு மேலாளரிடம் போய்ப் பணத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

ராணிப்பேட்டையில் உணவகம் நடத்துகிறேன். எட்டு சர்வர்கள். “வேறு ஏதாவது வேண்டுமா என்று கேளுங்கள்” என்று சொன்னால் நான்கு பேர் வாயே திறப்பதில்லை. மற்ற நால்வர் வாடிக்கையாளரை விடுவதே இல்லை. எப்படிப் பழக்குவது?
– உரிமையாளர், ராணிப்பேட்டை

கடைக்காரர் ஒருவர் இதைக் கேட்டு எழுதியதில் எனக்கு மகிழ்ச்சி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் எனக்குப் பழைய காயம் ஒன்று இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வேலூரில் அம்மாவை வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு அழைத்துப் போய்விட்டு, பசியோடு ஓர் உணவகத்தில் உட்கார்ந்தோம். சர்வர் வந்தவுடன், “ஜூஸ் பெரியதா, சின்னதா?” என்றார். ஜூஸ் குடிக்கும் எண்ணமே எங்களுக்கு இல்லை. ஆனாலும் “சின்னது” என்று என் வாய் சொல்லிவிட்டது. அடுத்து, “சூப் காளானா, கோழியா?” அதற்கும் ஒன்றைச் சொன்னேன். சர்க்கரை நோயாளியான அம்மா ஜூஸைத் தொடவில்லை. பில்லைக் கொடுத்த பிறகு, ஆட்டோவுக்கு மிச்சம் இருக்கிறதா என்று அவர் சுருக்குப் பையை எண்ணியதை நான் இன்றும் மறக்கவில்லை.

அந்தக் கேள்விகளில் “வேண்டாம்” என்ற பதிலுக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் சர்வர்களிடமிருந்து முதலில் எடுக்க வேண்டியது இந்த வகைக் கேள்வியைத்தான். அடுத்தது “வேறு ஏதாவது?” என்ற கேள்வி. அது யாரையும் நெருக்காது. ஆனால் எதையும் விற்கவும் விற்காது. வாயே திறக்காத நால்வருக்கும் சொல்வதற்குக் கையில் ஒன்றும் இல்லை என்பதுதான் சிக்கலாக இருக்கும். பட்டியலில் உள்ளதை அவர்களுக்கு ஒரு முறையாவது சாப்பிடக் கொடுங்கள். நெத்திலி வறுவலைத் தின்று பார்க்காதவர் அதை எப்படிச் சொல்லுவார்?

நல்ல பரிந்துரையில் பொருளின் பெயரும், இந்த மேசைக்கு அது ஏன் பொருந்தும் என்பதும், விலையும் இருக்கும். “தொட்டுக்கொள்ள வேண்டுமென்றால் இன்று நெத்திலி வறுவல் இருக்கிறது, மொறுமொறுப்பாக இருக்கும், 140 ரூபாய்.” அவ்வளவுதான். அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். விலையைச் சொல்லாமல் விட்டால் அது பரிந்துரை ஆகாது. பில் வரும்போது வெடிக்கும். ஆர்டர் எடுக்கும்போது ஒன்று, தட்டுகளை எடுத்த பிறகு இனிப்புக்கு ஒன்று என்று நிறுத்திக்கொள்ளுங்கள். வாயில் சோறு இருக்கும்போது வந்து கேட்பதை அடியோடு தடை செய்யுங்கள்.

ஒரு மேசையை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, ஐந்து வயதுக் குழந்தை. மூன்று பிரியாணி கேட்கிறார்கள். ஒன்று 220 என்றால் 660 ரூபாய். உங்கள் பிரியாணி அளவு பெரியது என்றால் சர்வர் இப்படிச் சொல்லட்டும்: “குழந்தைக்குத் தனியாக வேண்டியதில்லை அம்மா, இரண்டு போதும். கூட ஏதாவது வேண்டுமென்றால் காரம் குறைந்த கோழி வறுவல் இருக்கிறது, 160.” அவர்கள் ஒப்புக்கொண்டால் பில் 600. அறுபது ரூபாய் போயிற்று என்று பதறாதீர்கள். தட்டுகளை எடுத்தபின் அதே சர்வர், “ஆற்காடு மக்கன் பேடா இருக்கிறது, ஒன்று 40 ரூபாய்” என்றால் அந்தக் குடும்பம் காது கொடுத்துக் கேட்கும். தங்கள் செலவைக் குறைத்துப் பேசியவர் அல்லவா? இரண்டு வாங்கினால் 680. வாங்காமலே போனாலும், சோறு வீணாகாமல் எழுந்தவர்கள் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

பயிற்சிக்குப் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்த நேரம் நல்லது. இரண்டு சர்வர்கள் விருந்தினராக உட்காரட்டும், ஒருவர் ஆர்டர் எடுக்கட்டும். உட்கார்ந்திருப்பவர்கள் கட்டாயம் “வேண்டாம்” என்று சொல்ல வேண்டும். ஆர்டர் எடுப்பவர் முகம் சுருங்காமல் “சரிங்க” என்று அடுத்த வேலைக்குப் போகப் பழக வேண்டும். பரிந்துரைப்பதைவிட இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். “ஒன்றே ஒன்று சார், சாப்பிட்டுப் பாருங்கள்” என்று இரண்டாம் முறை கேட்பவரை அங்கேயே திருத்துங்கள்.

ஒருவருக்கு எத்தனை ரூபாய் பில் என்ற ஒரே கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். நெருக்கினாலும் அது ஏறும். பில் போடும்போது “இது நாங்கள் கேட்கவில்லை” என்று நீக்கச் சொன்னவை எத்தனை, கழுவப் போகும் தட்டுகளில் தொடாமல் கிடக்கும் பக்க உணவு எவ்வளவு என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். இந்த இரண்டும் பில்லோடு சேர்ந்து ஏறினால் உங்கள் ஆட்கள் தள்ளிவிடுகிறார்கள் என்று பொருள்.

வேலூரில் மருத்துவமனைக்கு அருகில் சர்வராக இருக்கிறேன். வங்காளத்திலிருந்து வரும் குடும்பங்கள் நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறார்கள். கொண்டு வைத்தால் வேண்டாம் என்கிறார்கள். அந்தப் பணத்தை முதலாளி என் சம்பளத்தில் பிடிக்கிறார். நாளுக்குப் பத்து இனிப்பு விற்க வேண்டும் என்றும் கட்டளை.
– சர்வர், வேலூர்

தம்பி, தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மொழி புரியாதவர்கள் மரியாதைக்கும் தலையாட்டுவார்கள். பட்டியலில் பொருளின் மேலும் விலையின் மேலும் விரல் வைத்துக் காட்டுங்கள். எத்தனை என்பதை அவர்கள் விரலால் காட்டட்டும். ஆர்டரை ஒரு முறை அதேபோல் திரும்பக் காட்டிவிட்டு உள்ளே போங்கள். நோயாளி உடன் இருந்தால் இனிப்பையும் சோடாவையும் நீங்களாகப் பரிந்துரைக்காதீர்கள். அவருக்கு மருத்துவர் என்ன விலக்கியிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது.

உங்கள் முதலாளிக்கு: அந்தப் பத்து இனிப்புக் கட்டளைதான் இந்தப் பையனைத் தள்ளிவிட வைக்கிறது. திரும்பி வந்த தட்டின் விலையை அவன் சம்பளத்தில் பிடிப்பது அநியாயம். தம்பி, பிடித்தம் தொடர்ந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் முறையிடுங்கள்.

ஆம்பூரில் நண்பர்கள் ஆறு பேர் சாப்பிட்டோம். பேச்சு மும்முரத்தில் பில்லைப் பார்க்காமல் போனில் பணம் அனுப்பிவிட்டோம். இரண்டு தட்டு கூடுதலாகப் போட்டிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. பில் தொலைந்துவிட்டது. மூன்று வாரம் ஆகிறது.
– வாசகர், வாணியம்பாடி

தோன்றுவதை வைத்து யாரிடம் கேட்பது? ஆறு பேர் இருந்தீர்கள், ஒருவராவது படித்திருக்கலாம். இதை விட்டுவிடுங்கள்.

கூடுதலாக எதுவும் வாங்கவில்லை. ஆனாலும் “சேவைக் கட்டணம்” என்று பில்லில் சேர்த்திருந்தார்கள். கொடுக்க வேண்டுமா?
– வாசகர், குடியாத்தம்

வேண்டியதில்லை. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லுங்கள். பரிமாறியவருக்குத் தர மனம் இருந்தால் அவர் கையிலேயே கொடுங்கள்.