மேல்தாடைக்கு நிலையான இம்ப்ளான்ட் பல்வரிசை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எனக்கு 61 வயது. மேல்பற்கள் எல்லாம் போய், 12 ஆண்டுகளாகக் கழற்றி மாட்டும் பல்செட் அணிகிறேன். தாடை எலும்பில் திருகு போல இறக்கும் நான்கு இம்ப்ளான்ட் வைத்து அன்றே நிலையான பல்வரிசை பொருத்தலாம் என்கிறார்கள். சர்க்கரை நோய் உண்டு; மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி கடைசியாக 8.9. எனக்கு ஒத்துவருமா?

இப்போதைய சர்க்கரை அளவில் வேண்டாம். இந்த அளவில் காயம் ஆறுவது தாமதமாகும், தொற்றும் எளிதில் பற்றும். ஹெச்பிஏ1சி 8-க்குக் கீழே, முடிந்தால் 7-ஐ ஒட்டி வந்த பிறகு அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதே நல்லது. புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் முன்கூட்டியே நிறுத்த வேண்டும்.

அடுத்து எலும்பைப் பார்க்க வேண்டும். கடைவாய்ப் பற்கள் போன பிறகு மேல்தாடை எலும்பு கீழிருந்து தேய்கிறது. அதற்கு மேலுள்ள சைனஸ் அறையும் கீழ்நோக்கி விரிகிறது. அதனால் பின்பக்கம் சில மில்லிமீட்டர் எலும்பே மிஞ்சியிருக்கலாம். முன்பக்கத்தில் ஓரளவு எலும்பு இருந்தால், பின்னால் வைக்கும் இரண்டு இம்ப்ளான்ட்டுகளைச் சாய்வாக இறக்கி சைனஸைத் தவிர்ப்பார்கள். இதற்குப் போதிய இடம் உண்டா என்பதைக் கோன் பீம் சிடி ஸ்கேன்தான் சொல்லும். மேல்தாடை எலும்பு கீழ்த்தாடையை விட மென்மையானது என்பதால், இடம் இருந்தால் ஆறு இம்ப்ளான்ட்டுகள் வைப்பதையே நான் விரும்புவேன். ஒன்று ஒட்டாமல் போனாலும் மற்றவை பாரத்தைத் தாங்கும்.

'அன்றே பல்' என்பதை எவரும் முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. முறுக்கி இறக்கும்போது இம்ப்ளான்ட் ஏறக்குறைய 35 நியூட்டன் சென்டிமீட்டர் விசைக்கு இறுகி நின்றால்தான் தற்காலிகப் பல்வரிசையை உடனே பொருத்துவார்கள். இறுகாவிட்டால் ஈறுக்குள் மூடிவைத்து, நான்கு முதல் ஆறு மாதம் வரை, உட்பக்கம் தளர்த்திய பழைய பல்செட்டோடு காத்திருக்க வேண்டும். உடனே பொருத்தினாலும் முதல் இரண்டு மூன்று மாதங்கள் குழைந்த சோறு, இட்லி, மசித்த காய்கறி என மென்மையான உணவுதான். முறுக்கையும் எலும்புக்கறியையும் அப்போது கடித்தால், எலும்போடு இணையத் தொடங்கிய இம்ப்ளான்ட் அசைந்துவிடும்.

என் தாயாருக்கு எலும்பு போதுமான அளவு இருந்தும், கழற்றி மாட்டும் இம்ப்ளான்ட் பல்செட்டைத்தான் மருத்துவர் பரிந்துரைக்கிறார். ஏன்?

காரணம் பெரும்பாலும் மேலுதடாக இருக்கும். பல் போன மேல்தாடை முன்பக்கத்தில் உள்நோக்கித் தேய்வதால் உதடு தாங்கலின்றி உள்ளே விழுகிறது. பழைய பல்செட்டில் உதட்டைத் தாங்கி நிற்பது அதன் முன்புற இளஞ்சிவப்பு விளிம்பு. அந்த விளிம்பு இல்லாத மாதிரிப் பல்செட் ஒன்றை அணிவித்து, பக்கவாட்டில் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உதடு ஒட்டிப்போனால், நிலையான பல்வரிசையிலும் அந்த விளிம்பைச் சேர்த்தாக வேண்டும். அப்போது அதன் அடிப்பக்கம் குழிந்து, தூரிகை எட்டாத இடத்தில் உணவு தங்கி அழுகும். கழற்றிக் கழுவக்கூடிய பல்செட் அவருக்குத் தரக்குறைவான மாற்று அன்று. அவர் வாய்க்குப் பொருத்தமானதே அதுதான்.

எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டுக்கொள்கிறேன். இது தடையா?

புற்றுநோய்க்காக அதிக அளவில் கொடுக்கப்படும் ஊசியாக இருந்தால் இம்ப்ளான்ட்டைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். எலும்புத் தேய்மானத்துக்கான அளவில், தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மருந்தின் பெயரையும் கடைசித் தேதியையும் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், இவற்றில் சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் முதுகெலும்பு முறியக்கூடும்.

பொருத்தி ஆறு மாதமாகிறது. எப்படிச் சுத்தம் செய்வது?

வெளியே தெரியும் பற்களைத் துலக்குவது எளிது. அழுக்கு சேர்வது பல்வரிசைக்கும் ஈறுக்கும் நடுவில்தான். இரவில் கண்ணாடி முன் நின்று, விறைப்பான நுனி கொண்ட பஞ்சு இழையை உதட்டுப் பக்கத்திலிருந்து அண்ணப் பக்கம் கோத்து, ஒவ்வொரு இம்ப்ளான்ட்டின் பக்கமாகவும் முன்னும் பின்னும் இழுங்கள். உணவுக்குப் பிறகு நீர்ப்பீச்சியைக் குறைந்த விசையில் பயன்படுத்தலாம். ஆனால் அது படிந்த படலத்தை முழுமையாக எடுக்காது என்பதால் இழைக்கு மாற்றாகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்லுங்கள். பல் பொருத்தியபோது எடுத்த எக்ஸ்ரேயைப் பத்திரப்படுத்துங்கள்; எலும்பு இறங்கியிருக்கிறதா என்று பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அளவுகோல். இரவில் பல் நறநறப்பவர் என்றால் இரவுக் கவசம் கட்டாயம்.

கடிக்கும்போது 'டிக்' என்று சத்தம் வருகிறது. வலி இல்லை. பொறுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். இயற்கைப் பல்லைச் சுற்றி, அழுத்தத்தை உணரும் நார்த்திசு உண்டு. இம்ப்ளான்ட்டுக்கு அது இல்லாததால், கோளாறு முற்றிய பிறகும் வலிக்காமல் இருக்கலாம். சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் தளர்ந்த திருகு. பல்வரிசையின் அண்ணப் பக்கத்திலோ மெல்லும் பரப்பிலோ உள்ள துளை அடைப்பை நீக்கி அதை இறுக்கவோ மாற்றவோ முடியும். அப்படியே விட்டால் பாரம் மற்ற திருகுகள்மேல் ஏறி, அவை முறியலாம். கூடவே ஈறில் இரத்தக்கசிவோ, அழுத்தினால் சீழோ, புதிதாக வாய்நாற்றமோ இருந்தால் இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, பல்வரிசையைக் கழற்றி ஒவ்வொரு இம்ப்ளான்ட்டையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.