தண்ணீர்ப் பரிசோதனைக் குறிப்பை எளிமையாக எழுதுவது

கேள்வி: நிபுணர் எழுதின போர் தண்ணீர்க் குறிப்பை, ஊர்க்காரங்களுக்குப் புரியற மாதிரி, தப்பு வராம எப்படி மாத்தி எழுதறது?

பல்லடம் பக்கத்தில் ஒரு போர்வெல்லுக்கு இப்படிக் குறிப்பு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "மொத்தக் கரைந்த திண்மம் 1,400 மி.கி./லி. ஏற்கத்தக்க வரம்பு 500. மாற்று நீராதாரம் இல்லாதபோது 2,000."

நாம் டிடிஎஸ் என்று சொல்வது இதைத்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த எடை. ஒரு லிட்டரை வற்றக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, ஏறக்குறைய அதுதான். இங்கே 1.4 கிராம், சுமார் கால் தேக்கரண்டி.

சரி, சொற்களை மாற்றுவது சுலபம். எழுதுபவர் சறுக்குவது அந்த "இல்லாதபோது" என்ற இடத்தில்தான். 500ஐத் தாண்டினால் சுவை கெட ஆரம்பிக்கும், வயிற்றுக்கும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் வேறு தண்ணீரே இல்லாத ஊருக்கும் ஒரு எல்லை வேண்டும் என்பதால்தான் இந்தியத் தரநிலை இரண்டு எண்களை வைத்திருக்கிறது. நிபந்தனையை விட்டுவிட்டால் குறிப்பு "தாராளமாகக் குடிக்கலாம்" என்றோ "தொடவே கூடாது" என்றோ மாறிவிடும். இரண்டுமே தப்பு. நான் இப்படி எழுதுவேன்:

"இந்தத் தண்ணீரில் உப்பு, இருக்கவேண்டிய அளவைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வேறு நல்ல குடிநீர் கிடைத்தால் அதையே குடியுங்கள். கிடைக்காத ஊருக்கு மட்டும் 2,000 வரை அனுமதி உண்டு. இது அதற்குள் இருக்கிறது."

அப்புறம், டிடிஎஸ் குறைவாக இருந்தாலே தண்ணீர் பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த எண் கிருமியைக் காட்டாது, ஃப்ளூரைடு, நைட்ரேட் எவ்வளவு என்றும் சொல்லாது, அவற்றைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.