கடலை எண்ணெய்ச் செக்கு: ஒரு லிட்டருக்கு உண்மையில் என்ன ஆகிறது?

“வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் சிறிய அளவில் கடலை எண்ணெய் ஆட்ட நினைக்கிறேன். எந்த இயந்திரம் வாங்கலாம்? எவ்வளவு எண்ணெய் கிடைக்கும்? பெரிய கம்பெனி விலைக்குத் தர முடியுமா?”

ரீபைண்டு எண்ணெய் விலைக்குத் தர முடியாது. பெரிய ஆலைகள் பிண்ணாக்கில் தங்கும் எண்ணெயையும் கரைப்பான் கொண்டு எடுத்துவிடுகின்றன. செக்கில் அது பிண்ணாக்கோடு போய்விடும். உங்கள் விலையை மற்ற செக்கு எண்ணெய்களோடுதான் ஒப்பிட வேண்டும்.

இயந்திரத்தில் என் தேர்வு, மோட்டாரில் ஓடும், ஒரு முறைக்கு 20 கிலோ பருப்பு ஆட்டும் மரச்செக்கு. மேசை மேல் வைக்கும் திருகு இயந்திரம் மலிவுதான்; ஆனால் தொடர்ந்து ஓடினால் எண்ணெய் சூடேறும். மும்முனை மின் இணைப்பும் கான்கிரீட் அடித்தளமும் செக்குக்கு வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் சொந்தப் பருப்பு 20 கிலோவை விற்பவரின் செக்கிலேயே ஆட்டி, எண்ணெயையும் பிண்ணாக்கையும் தனித்தனியே எடை போடுங்கள். எண்ணெய் 8 கிலோவை ஒட்டி வர வேண்டும்.

இப்போது கணக்கு. பருப்பு கிலோ 125 ரூபாய், பிண்ணாக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அன்றைய விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளில் ஐந்து முறை ஆட்டினால் 100 கிலோ பருப்பு. 40 கிலோ எண்ணெய் என்பது சுமார் 44 லிட்டர்; கசடு போக 42 லிட்டர் விற்கலாம். பருப்புக்கு 12,500 ரூபாய். 55 கிலோ பிண்ணாக்கு விற்ற 2,200 ரூபாயைக் கழித்தால் 10,300. ஆள் கூலி, மின்சாரம், இடத்தின் வாடகை, பாட்டில் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 2,150. ஆக, ஒரு லிட்டரின் அடக்கம் 296 ரூபாய். சொந்த வீடு என்று வாடகையை விட்டுவிடாதீர்கள். இயந்திரத் தேய்மானமும் உங்கள் உழைப்பும் இன்னும் சேரவில்லை. 340 ரூபாய்க்குக் குறைத்து விற்க வேண்டாம்.

அதே 100 கிலோவில் 36 கிலோ எண்ணெய்தான் வந்தால், அடக்கம் லிட்டருக்குச் சுமார் 30 ரூபாய் கூடிவிடும். ஈரப் பருப்பில் எண்ணெய் குறையும்; அதனால் பருப்பு நன்றாகக் காய்ந்திருப்பதுதான் உங்கள் லாபம். வடசென்னையின் கடற்காற்றில் தரையில் கிடக்கும் மூட்டை சீக்கிரம் ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும். மரப்பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். விரலால் தேய்த்தால் தோல் உதிர வேண்டும், கடித்தால் மொறுமொறுவென்று உடைய வேண்டும். பூஞ்சைப் பருப்பைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அதன் நச்சு எண்ணெயிலும் பிண்ணாக்கிலும் இறங்கும்.

ஆட்டும்போது தெளிக்கும் தண்ணீரும் அளவோடு இருக்கட்டும். மூன்று நான்கு நாள் எவர்சில்வர் டிரம்மில் தெளியவிட்டு வடிகட்டிய பின், ஒரு கரண்டி எண்ணெயைச் சூடாக்கிப் பாருங்கள். படபடவென்று வெடித்தால் ஈரம் தங்கியிருக்கிறது, இன்னும் தெளியட்டும்.

எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்கச் சட்டம் இடம் தராது. உங்கள் விற்பனை அளவுக்கு ஏற்ப உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ பெற்று, அந்த எண்ணும் ஆட்டிய தேதியும் அச்சிட்ட மூடிய பாட்டிலில் மட்டுமே விற்பனை செய்யுங்கள்.