கட்டுப்பாட்டுக் கணக்கும் வாடிக்கையாளர் பட்டியலும்

கடன்பட்டோர் கட்டுப்பாட்டுக் கணக்கின் மீதி, வாடிக்கையாளர் பாக்கிப் பட்டியலோடு ஏன் ஒத்துப்போக வேண்டும்?

எல்லா வாடிக்கையாளரும் தர வேண்டிய பாக்கியை ஒரே தொகையாகக் காட்டும் கணக்கு இது. கடன் விற்பனைப் புத்தகத்தின் மாத மொத்தம் இதில் ஏறும். அதே விற்பனைகள் ஒவ்வொன்றாக அவரவர் கணக்கிலும் ஏறும். வரவான பணமும் அப்படியே. அவரவர் கணக்கின் மீதிகளைத் தொகுத்ததுதான் பாக்கிப் பட்டியல். மூலம் ஒன்று என்பதால் மீதியும் ஒன்றாகவே வர வேண்டும். சுற்றுலா பஸ்ஸில் தலையை எண்ணிவிட்டு, அப்புறம் பெயர் வாசித்துச் சரிபார்ப்பதைப் போல.

540க்கான பில்லை ஒருவர் கணக்கில் 450 என்று எழுதிவிட்டால் பட்டியல் 90 குறையும். வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.

சரி, ஒத்துப்போனால் பிழையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவரின் பில் இன்னொருவர் கணக்கில் ஏறியிருந்தாலும் இரண்டு மொத்தமும் ஒத்தேதான் இருக்கும்.