நம்பரை மறைத்தாலும் மெசேஜ் ஏன் வருகிறது?

கேள்வி: டெலிகிராம்ல என் போன் நம்பர் யாருக்கும் தெரியாதபடி மறைச்சு வச்சிருக்கேன். அப்படியும் முன்பின் தெரியாத ஆளுங்க மெசேஜ் பண்றாங்க. செட்டிங் வேலை செய்யலையா?

செட்டிங் வேலை செய்கிறது. நீங்கள் மாற்றியது வேறு, உங்களுக்கு வேண்டியது வேறு, அவ்வளவுதான். கல்யாண மண்டபத்துக்கு வழி சொல்லாமல் இருப்பதும், வாசலுக்கே வந்துவிட்டவரை உள்ளே விடாமல் இருப்பதும் ஒன்றாகுமா? டெலிகிராமிலும் இவை தனித்தனி செட்டிங்குகள். நம்பரை யார் பார்க்கலாம், நம்பரை வைத்து யார் என்னைக் கண்டுபிடிக்கலாம், யார் எனக்கு எழுதலாம் என்று மூன்று இருக்கின்றன. அநேகமாக நீங்கள் முதலாவதை மட்டும் மாற்றியிருப்பீர்கள்.

எனக்கு இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. ஏற்காட்டில் எங்கள் வீட்டிலேயே இரண்டு அறைகளை வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். பின்னால் கொஞ்சம் காபியும் மிளகும் இருக்கிறது. ரோட்டோரம் வைத்திருக்கும் போர்டில் இருப்பது என் நம்பர்தான். வீட்டுக்காரர் பாதி நேரம் தோட்டத்தில் இருப்பார், அங்கே டவர் கிடைக்காது. "இன்னொரு சிம் வாங்கி அதைப் போர்டில் போட வேண்டியதுதானே" என்று எழுத வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். போர்டு, விசிட்டிங் கார்டு, பழைய விருந்தாளிகளின் போன் என்று எல்லா இடத்திலும் இந்த நம்பர்தான் இருக்கிறது. அதை மாற்றினால் போவது எங்கள் சீசன். இரண்டாவது சிம்முக்கு மாதா மாதம் ரீசார்ஜ் செய்யப்போவதும் நீங்கள் இல்லை.

அறை கேட்டு வாட்ஸ்அப்பில் வருகிறவர்கள் தாராளமாக வரட்டும், அதற்காகத்தான் போர்டே. டெலிகிராம் எனக்குச் சொந்த உபயோகத்துக்கு. மிளகு விலை போடும் ஒரு குரூப், தையல் வகுப்பு குரூப், சேலத்தில் இருக்கும் தங்கைகளோடு பேச்சு. அதிலும் ராத்திரி பத்து மணிக்கு மேல் "ஹாய்", "ரூம் இருக்கா", "டிபி சூப்பர் மேடம்" என்று வர ஆரம்பித்தது. கடைசியில் சொன்னது அறை கேட்கிற மெசேஜ் இல்லை என்று உங்களுக்கே தெரியும். "பெண்களுக்கு எதற்கு டெலிகிராம்" என்று ஒரு பெரியவர் கேட்டார். மிளகு விலை பார்க்கத்தான் ஐயா.

நாத்தனார் மகனை உட்கார வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். Settings, அதில் Privacy and Security, அதில் Phone Number. மேலே "Who can see my phone number?" என்று இருக்கும். அது Everybody அல்லது My Contacts என்று இருக்கும் வரை அடுத்த கேள்வி கண்ணில் படாது. Nobody என்று வைத்த பிறகுதான் கீழே "Who can find me by my number?" என்று இன்னொன்று முளைக்கும். பலர் இந்த இடத்தில்தான் நழுவுகிறார்கள். Nobody வைத்ததும் வேலை முடிந்தது என்று வெளியே வந்துவிடுவார்கள். இரண்டாவது கேள்விக்கு விடை Everybody என்றே இருக்கும். அப்படி இருந்தால், உங்கள் நம்பரைப் போர்டில் பார்த்துத் தன் போனில் சேமித்த எவருக்கும் டெலிகிராம் உங்களைக் காட்டிக்கொடுக்கும். ஏற்கெனவே நம்பர் தெரிந்தவரிடம் நம்பரை மறைத்து என்ன பயன்? t.me/+91 என்று போட்டுப் பக்கத்தில் உங்கள் பத்து இலக்கத்தையும் ஒட்டி அடித்தாலே நேராக உங்கள் சாட் திறந்துவிடும்.

அதை My Contacts என்று மாற்ற வேண்டும். அங்கே Nobody கிடையாது, அந்த அளவுக்குத்தான் டெலிகிராம் இறங்கி வருகிறது.

மாற்றிவிட்டுச் சோதித்துப் பார்த்தோம். பையன் தன் போனில் தேடினான், நான் தெரிந்தேன். "அத்தை, இது வேலைக்கு ஆகாது" என்றான். ஆனால் அவன் நம்பர் என் போனில் இருக்கிறதே, அவன் My Contacts-க்குள் அடக்கம். அவனுக்குத் தெரியத்தான் செய்யும். அன்றைக்குத் தங்கியிருந்த குடும்பத்தோடு வந்த டிரைவர் தம்பியிடம் போனை வாங்கி, போர்டு நம்பரைப் புதிதாகச் சேமித்துப் பார்த்தோம். டெலிகிராமில் நான் அங்கே இல்லை. நீங்களும் சோதிப்பதானால், உங்கள் போனில் நம்பர் இல்லாத ஒருவரின் போனில்தான் சோதிக்க வேண்டும்.

இங்கே இன்னொரு ஓட்டை இருக்கிறது. வந்து போன விருந்தாளிகளை எல்லாம் நான் "ஈரோடு ஃபேமிலி", "பெங்களூர் நாலு பேர்" என்று சேமித்து வைப்பேன். காண்டாக்ட் சிங்க் ஓடிக்கொண்டிருந்தால் டெலிகிராமின் கணக்கில் அவர்கள் அத்தனை பேரும் என் காண்டாக்ட்தான், அவர்களால் என்னைக் கண்டுபிடிக்க முடியும். அதனால் அதே Privacy and Security பக்கத்தில் Sync Contacts-ஐ அணைத்து, Delete Synced Contacts கொடுத்தேன். அப்புறம் வேண்டியவர்களை மட்டும் டெலிகிராமுக்குள்ளேயே தனித்தனியாகச் சேர்த்துக்கொண்டேன். சேர்க்கும்போது என் நம்பரையும் அவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டு ஒரு டிக் இருக்கும். வேண்டாதவருக்கு அதை எடுத்துவிட்டுச் சேருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் மெசேஜ் வந்தது. உங்கள் கேள்வி இந்த இடத்தில்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

நம்பர் என்பது ஒரு வழி மட்டுமே. யூசர்நேம் இருந்தால் அது இரண்டாவது வழி, குரூப் மூன்றாவது. விருந்தாளிகளுக்கு லொக்கேஷனும் படங்களும் அனுப்ப வசதியாக இருக்கட்டும் என்று எனக்கு yercaud என்று தொடங்கும் ஒரு யூசர்நேம் வைத்திருந்தோம். டெலிகிராமில் யூசர்நேம் என்பது பொதுச்சொத்து மாதிரி. தேடல் பெட்டியில் எவர் வேண்டுமானாலும் தேடலாம், நம்பர் செட்டிங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஏற்காடு என்று தேடுகிறவர் கண்ணில் ஓட்டல், டூர் வண்டி வரிசையில் நானும் படுவேன். யூசர்நேமை மறைத்து வைக்கும் வசதி கிடையாது. ஒன்று எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் யாரும் யூகிக்க முடியாததாக மாற்ற வேண்டும். நான் எடுத்தே விட்டேன். எடுத்தாலும் மாற்றினாலும் பழைய t.me லிங்க் செத்துவிடும், அதை எங்கே அச்சடித்திருக்கிறீர்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குரூப் விஷயம் எளிது. ஒரே குரூப்பில் இருக்கிறவர் உங்கள் பெயரைத் தட்டி நேராக எழுதலாம், நம்பரும் வேண்டாம் யூசர்நேமும் வேண்டாம். எந்த வழியாக வந்தார் என்று கண்டுபிடிக்கவும் முடியும். புது ஆள் முதல் மெசேஜ் அனுப்பும்போது சாட்டின் மேலே அவர் நம்பர் எந்த நாடு, எப்போது டெலிகிராமில் சேர்ந்தார், உங்களோடு பொதுவாக எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறார் என்று வரும். "டிபி சூப்பர்" ஆசாமிக்கு மிளகு விலை குரூப் காட்டியது! விலை கேட்க வந்த மனுஷன். பொதுக் குரூப் எதுவும் இல்லையென்றால் நம்பர் அல்லது யூசர்நேம் வழியாக வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி உண்மையான பூட்டு. Privacy and Security-யில் Messages என்று தனியாக ஒன்று இருக்கிறது. யார் எழுதலாம் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். அதைக் காண்டாக்ட்டுகளுக்கு மட்டும் என்று சுருக்கக் காசு கட்டும் பிரீமியம் சந்தா வேண்டும். சுருக்கினாலும் பிரீமியம் வைத்திருக்கும் வெளியாள் எழுத முடியும். நான் சந்தா கட்டவில்லை. அதனால் இலவசமாக என்ன முடியுமோ அதைச் செய்தேன். Calls, Profile Photos, குரூப்பில் யார் சேர்க்கலாம் என்கிற செட்டிங், மூன்றையும் My Contacts ஆக்கினேன். இதெல்லாம் மெசேஜைத் தடுக்காது. ஆனால் எழுதுகிறவருக்கு என் முகம் தெரியாது, கூப்பிடவும் முடியாது, கண்ட குரூப்பில் கொண்டுபோய்ப் போடவும் முடியாது. மீதி வருகிறவர்களை Block. யாரையெல்லாம் பிளாக் செய்வது என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், வழிகளை அடைத்த பிறகு வருகிறவர்கள் கொஞ்சம்தான்.

ஏற்கெனவே உங்களோடு சாட் திறந்து வைத்திருப்பவருக்கு மேலே சொன்ன நம்பர், யூசர்நேம் மாற்றம் எதுவும் ஒட்டாது. அந்தச் சாட் அப்படியே இருக்கும், அவர் எழுதிக்கொண்டே இருக்கலாம். அவருக்கு பிளாக் மட்டுமே மருந்து.

சேலத்தில் காலேஜ் படிக்கும் என் தங்கை மகள் டெலிகிராம் மாதிரியே இன்னொரு மெசேஜ் ஆப்பான சிக்னல் வைத்திருக்கிறாள். "பெரியம்மா, இதுக்கு வந்துடுங்க" என்பாள். அங்கே விஷயம் கொஞ்சம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. நம்பரை யார் பார்க்கலாம் என்பது ஆரம்பத்திலேயே Nobody என்றுதான் வரும், யார் கண்டுபிடிக்கலாம் என்பது மட்டும் Everybody என்று இருக்கும். இதை Nobody ஆக்கினால், உங்கள் நம்பரை வைத்திருப்பவருக்கும் நீங்கள் சிக்னலில் இல்லாதது போலவே தெரியும். யூசர்நேம் கடைசியில் குறைந்தது இரண்டு எண்கள் வரும், பாதியை அடித்துத் தேட முடியாது, முழுதாகத் தெரிந்தால்தான் உண்டு. புது ஆள் எழுதினால் அது கோரிக்கையாக வந்து நிற்கும். நீங்கள் Accept கொடுக்கும் வரை படித்தீர்களா இல்லையா என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் மிளகு விலை குரூப் அங்கே இல்லையே, நான் மட்டும் போய் என்ன செய்வது?

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன், ஆறவில்லை. போன வாரம் ஒருவர் சனிக்கிழமை மத்தியானம் கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி வரிசையில் நின்று, இருட்டிய பிறகு வந்து சேர்ந்தார். காலையில் பனிமூட்டம் இல்லை என்று எங்களுக்கு ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பனிமூட்டத்தையும் நான்தான் ஏற்பாடு செய்ய வேண்டுமாம். அவர் நம்பரையும் "ஈரோடு ஃபேமிலி" பக்கத்தில் சேமித்துத்தான் வைத்திருந்தேன். நேற்று எடுத்துவிட்டேன்.