பதில் போடாத அந்தச் செய்திக்கு இப்போது பதில் எழுதுங்கள்

கேள்வி: அம்பத்தூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்ததும் 2018-இல் வேலையை விட்டேன். என் மேலாளராக இருந்தவர் 2019 பொங்கலன்று, "எல்லாம் நலம்தானே?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். அன்றைய மனநிலையில் நான் பதில் போடவில்லை. அவர் இப்போது ஒரகடத்தில் ஒரு பெரிய நிறுவனத்தில் சப்ளையர் குவாலிட்டி பிரிவின் தலைவர். மீண்டும் வேலைக்குச் செல்ல விரும்பும் நான் அவரிடம் சிறிது நேரம் பேச வேண்டும். நலம் விசாரித்து ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பக் கை வரவில்லை. காரியத்துக்காக வந்தவள் என்று நினைக்க மாட்டாரா?
– ஒரு வாசகி, கொரட்டூர், சென்னை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் இணைத்து அனுப்பிய வரைவைப் படித்தேன். முதல் பத்தி முழுவதும் மன்னிப்பு, இரண்டாவதில் அவருடைய குடும்ப நலம், கடைசியில் "நேரம் கிடைக்கும்போது பேசலாமா சார்" என்று ஒரே ஒரு வரி. எதற்காகப் பேச வேண்டும் என்பது எங்கேயும் இல்லை. நீங்கள் அஞ்சுகிற அந்த எண்ணத்தை அவருக்கு உண்டாக்கக்கூடியது இந்த மறைப்புதான். நலம் விசாரித்து, பதில் வாங்கி, மறுநாள் மெல்ல விஷயத்துக்கு வருவது நம்மிடையே மரியாதை என்று பழகிப்போன வழக்கம். ஆனால் பல ஆண்டுகள் கழித்து வருகிறவரிடம் அதைப் பார்க்கும் எவரும், மூன்றாவது செய்தியில் என்ன வரப்போகிறது என்று முதல் செய்தியிலேயே யோசிக்கத் தொடங்கிவிடுவார். பணியாளர் தேர்வுத் துறையில் நான் இருந்த காலத்தில், "ஹாய் மேடம், எப்படி இருக்கீங்க?" என்பதோடு நின்றுவிட்ட எத்தனையோ செய்திகளுக்கு நான் பதில் எழுதவில்லை. அவர்கள்மீது கோபம் ஒன்றுமில்லை. என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியாததால் நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு, பிறகு மறந்தேன். காரணத்தை முதல் செய்தியிலேயே சொல்லிவிடுவதுதான் அவருக்கு நீங்கள் காட்டும் மரியாதை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருந்தால், உங்கள் புதிய செய்தி அவருடைய திரையில் 2019-ஆம் ஆண்டின் "எல்லாம் நலம்தானே?" என்ற கேள்விக்கு நேர்கீழே போய் நிற்கும். ஆகவே முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஒரு வரியில் உண்மையான காரணம், அரை வரியில் வருத்தம் போதும். மன்னிப்பு நீண்டால், "பரவாயில்லை அம்மா" என்று உங்களைத் தேற்றும் வேலையையும் அவர்மேல் சுமத்தியதாகிவிடும்.

அனுப்புவதற்கு முன், அந்த எண் இன்னும் அவருடையதுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நம் நாட்டில் சேவை நிறுத்தப்பட்ட கைபேசி எண்ணைக் குறைந்தது 90 நாட்கள் கழித்து வேறொருவருக்கு வழங்கிவிடலாம் என்பதால், பல ஆண்டுப் பழைய எண் முன்பின் தெரியாத ஒருவரிடம் இருக்க வாய்ப்பு உண்டு. வாட்ஸ்அப்பில் அவருடைய படம் தெரிந்தால் கவலையில்லை; தெரியாவிட்டால் பழைய தோழி ஒருவரிடம் கேளுங்கள், அல்லது லிங்க்ட்இனில் எழுதுங்கள். அவரிடமும் உங்கள் எண் இப்போது இல்லாமல் இருக்கலாம் என்பதால், முதல் வரியிலேயே பெயரும் பழைய பிரிவும் வரட்டும். பெயரைச் சொன்ன பிறகு, செய்தி இப்படி அமையலாம்:

"வணக்கம் சார். அம்பத்தூரில் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில் உங்களிடம் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தேன். 2019 பொங்கலன்று நீங்கள் நலம் கேட்டதற்குப் பதில் எழுதாமல் விட்டது இன்றும் மனதில் இருக்கிறது. குழந்தையைக் கவனித்துக்கொண்டு மிகவும் சோர்ந்திருந்த நேரம் அது. இப்போது நலமாக இருக்கிறேன். மீண்டும் வேலைக்கு வரத் தயாராகிறேன், சப்ளையர் குவாலிட்டி பக்கம் போகலாமா என்று யோசிக்கிறேன். அந்தத் துறை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க உங்களுடன் 15 நிமிடம் தொலைபேசியில் பேச முடியுமா? அடுத்த வாரம் செவ்வாய் அல்லது புதன், மாலை 7 மணிக்கு மேல் எனக்கு வசதி; வேறு நேரம் சொன்னாலும் சரி. இப்போது முடியாவிட்டாலும் நான் புரிந்துகொள்வேன், சார்."

இதில் உங்கள் தற்குறிப்பை இணைக்காதீர்கள். அது வந்து சேர்ந்த கணத்திலேயே, 15 நிமிட யோசனை கேட்ட கடிதம் வேலை கேட்ட விண்ணப்பமாக மாறிவிடும். அலுவலகத்தில் அவருடன் எந்த மொழியில் பேசினீர்களோ அந்த மொழியிலேயே எழுதுங்கள்.

நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மாதக் கடைசி வாரத்தில் அனுப்புகைக் கணக்கை முடிக்கும் நெருக்கடி தொழிற்சாலைகளில் எப்படி இருக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாதத்தின் இரண்டாவது வாரம் நல்லது. ஒரகடத்திலிருந்து நகரத்துக்குத் திரும்பும் பயணத்தில் பேசலாம் என்று அவரே சொன்னால், கம்பெனி பேருந்தில் வருகிறாரா, தனியாக வருகிறாரா என்று பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கையில் சக ஊழியர் இருந்தால், தம் பிரிவில் யாரை, எதைப் பார்த்து எடுக்கிறார்கள் என்று அவரால் மனம்விட்டுச் சொல்ல முடியாது.

பழைய தொடர்பைத் தேடிப் போவதில் கூச்சம் இருப்பது இயல்பு. ஆனால் டேனியல் லெவின், ஹோர்ஹே வால்டர், கீத் மர்னிகன் ஆகிய மூவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். குறைந்தது 3 ஆண்டுகள் தொடர்பு விட்டுப்போனவர்களிடம் தங்கள் பணி குறித்து யோசனை கேட்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொண்டார்கள். பழைய நம்பிக்கை அழியாமல் இருந்ததும், இடைப்பட்ட காலத்தில் அந்த மனிதர்கள் வேறு இடங்களில் வேறு விஷயங்களைக் கற்றிருந்ததும் சேர்ந்து, அந்த யோசனைகளைப் பயனுள்ளவை ஆக்கின. உங்கள் மேலாளரிடம் நீங்கள் பெறக்கூடியதும் இதுதான்: உங்கள் வேலையை நேரில் பார்த்தவர், நீங்கள் பார்க்காத ஆண்டுகளைப் பார்த்தவர்.

எனவே கேள்விகள் அந்த ஆண்டுகளைப் பற்றியவையாக இருக்கட்டும். உதாரணமாக, எங்கே என்ன பழுது வரக்கூடும் என்று முன்கூட்டியே அலசும் எஃப்.எம்.இ.ஏ. செய்யும்போது தீவிரம், நிகழ்வு, கண்டறிதல் ஆகிய மூன்று மதிப்பெண்களையும் பெருக்கி வரும் ஆர்.பி.என். எண்ணை வைத்துத்தான் நீங்கள் முன்னுரிமை கொடுத்திருப்பீர்கள். நீங்கள் விலகிய மறு ஆண்டு, 2019-இல், அமெரிக்க, ஜெர்மானிய வாகனத் தொழில் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கையேடு அதை விலக்கிவிட்டு ஆக்‌ஷன் பிரயாரிட்டி என்ற முறையைக் கொண்டுவந்தது. "உங்கள் சப்ளையர்கள் புதிய முறைக்கு வந்துவிட்டார்களா சார், இல்லை இன்னும் ஆர்.பி.என்.தான் ஓடுகிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்து, இத்தனை ஆண்டு இடைவெளியுடன் வரும் ஒருவரை எடுக்க அவர் தயங்கினால் எதனால் தயங்குவார் என்று நேராகவே கேளுங்கள். இந்த இரண்டுக்குமே 15 நிமிடம் சரியாக இருக்கும். நேரம் முடிந்ததும், "நான் கேட்ட நேரம் ஆகிவிட்டது சார்" என்று நீங்களே சொல்லுங்கள். தொடர்ந்து பேசுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். வேலை இருக்கிறதா என்ற பேச்சை அவர் எடுத்தால் மட்டும் தொடருங்கள்.

பதில் வராவிட்டால் 10 நாள் பொறுங்கள். நீல நிற டிக் விழுந்தும் மௌனமாக இருந்தால், அது மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆய்வுக் கூட்டத்தின் நடுவில் படித்துவிட்டு மறந்திருக்கலாம். அதன் பிறகு, "சார், முந்தைய செய்தியை நினைவூட்டலாமா என்று எழுதுகிறேன்" என்று ஒரே ஒரு முறை எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அவருக்கு மேலும் எழுதாமல், அதே பிரிவில் உங்களோடு இருந்த வேறொருவருக்கு இந்தச் செய்தியை மாற்றி எழுதுங்கள்.

பேசி முடித்தால், மறுநாள் நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்புங்கள். அவர் படிக்கச் சொன்னதைப் படித்து முடித்ததும், ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆகட்டும், அதையும் அவருக்குத் தெரிவியுங்கள். அந்தச் செய்தியில் மட்டும் எந்த வேண்டுகோளும் வேண்டாம்.